110% கொடுத்து சுரங்கம் வாங்கினா லாபம் வருமா? ராயல்டி, வருவாய்ப் பங்கு, என்.பி.வி: ஒரு கணக்கு

2020 தொடக்கத்தில் ஒடிசாவில் இரும்புத் தாது சுரங்கங்களுக்கு ஏலம் நடந்தது. ஜே.எஸ்.டபிள்யூ ஸ்டீல் சில சுரங்கங்களை எடுத்தது. அதில் ஜஜாங் என்ற சுரங்கத்துக்கு அவங்க கேட்ட தொகை 110%. கனுவா என்ற இன்னொன்றுக்கு 132%.

எதில் 110%? லாபத்தில் இல்லை. வெட்டி அனுப்பும் தாதுவின் மதிப்பில்! அதாவது 100 ரூபாய் மதிப்புள்ள தாதுவை எடுத்தால், 110 ரூபாய் அரசுக்கு. அதுக்கு மேலே ராயல்டி தனி. வெட்டும் செலவு தனி.

"இது எப்படி சார் கட்டுப்படியாகும்?" இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சால், மைனிங், ஸ்டீல், ஆயில் பங்குகளைப் பற்றி வரும் பாதி செய்திகளை நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம். "ஏலத்தில் வென்றது" என்று தலைப்பு வந்தவுடன் பங்கை வாங்குபவர்கள் பார்க்காமல் விடுவது இந்தக் கணக்கைத்தான். அடிப்படையிலிருந்து போகலாம்.

அரசு மூன்று இடத்தில் கை வைக்கலாம்

பூமிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அரசின் சொத்து. எடுக்க அனுமதி கொடுத்துவிட்டு, அரசு தன் பங்கை மூன்று விதமாக வாங்கும்.

ஒன்று, ராயல்டி. விற்பனை மதிப்பில் ஒரு சதவீதம். இரும்புத் தாதுவுக்கு இது 15%. இரண்டு, வருவாய்ப் பங்கு. ஏலத்தில் கம்பெனி தானாகச் சொல்லும் சதவீதம். இதுவும் விற்பனை மதிப்பில்தான். 2015-ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இதை அதிகமாகக் கேட்பவருக்கே சுரங்கம். மூன்று, வருமான வரி. இது மட்டும்தான் லாபத்தில்.

இந்த வித்தியாசத்தை உங்க சம்பளத்தில் வைத்துப் பாருங்க. மாதம் 50,000 ரூபாய் சம்பளம், செலவு 30,000, மிச்சம் 20,000. ஒருத்தர் "மிச்சத்தில் 15% கொடு" என்றால் 3,000 ரூபாய். "சம்பளத்தில் 15% கொடு" என்றால் 7,500 ரூபாய், அதாவது உங்க மிச்சத்தில் 37.5%. அந்த மாதம் ஆஸ்பத்திரி செலவு வந்து மிச்சமே இல்லை என்றாலும் 7,500 கொடுத்தே ஆகணும். ராயல்டியும் வருவாய்ப் பங்கும் இந்த இரண்டாவது வகை.

ஒரு சுரங்கத்தைக் கட்டிப் பார்ப்போம்

கணக்கு எளிதாக இருக்க ஒரு கற்பனைச் சுரங்கம். இன்று முதலீடு 500 கோடி. அடுத்த 10 வருஷம், வருஷத்துக்கு விற்பனை 400 கோடி. நடத்தும் செலவு 180 கோடி. தேய்மானம் வருஷத்துக்கு சமமாக 50 கோடி (வருமான வரிச் சட்டத்தில் தேய்மானம் வேறு முறையில் வரும், இங்கே எளிமைக்காக இப்படி). வரி 25%.

என்.பி.வி என்றால் நிகர தற்போதைய மதிப்பு. அடுத்த வருஷம் வரும் 112 ரூபாய், 12% எதிர்பார்க்கும் முதலீட்டாளருக்கு இன்றைய 100 ரூபாய்க்குச் சமம். இப்படி வருங்காலப் பணம் எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, போட்ட முதலைக் கழித்தால் வருவதுதான் என்.பி.வி. 12%-ல், 10 வருஷம் தொடர்ந்து வரும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு 5.65 ரூபாய். இந்த 5.65 மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் ராயல்டியே இல்லை என்று வைப்போம். 400-ல் 180 செலவு, 50 தேய்மானம் போனால் லாபம் 170. வரி 42.5. கையில் வரும் பணம், 220-ல் வரி போக 177.5 கோடி. 5.65-ஆல் பெருக்கினால் சுமார் 1,003. போட்ட 500-ஐ கழித்தால் என்.பி.வி 503 கோடி. அருமையான சுரங்கம்!

இப்போ 15% ராயல்டி. 400-ல் 15% என்றால் 60 கோடி. ஆனால் ராயல்டி ஒரு செலவு. லாபத்திலிருந்து கழியும். அதனால் வரி 15 கோடி குறையும். கம்பெனிக்கு உண்மையான இழப்பு 45 கோடி. கையில் வருவது 132.5 கோடி. என்.பி.வி 249 கோடி.

பெயருக்கு 15%தான். ஆனால் திட்டத்தின் மதிப்பில் பாதி போயிடுச்சு!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. இரும்புத் தாது மாதிரி கனிமங்களில் ராயல்டி மாநில அரசுக்குப் போகும். வருமான வரியை வசூலிப்பது மத்திய அரசு. மாநிலத்துக்கு 60 கோடி கிடைக்கும்போது, வரி வசூலில் 15 கோடி குறைகிறது. 60 கோடியை கம்பெனி மட்டும் சுமக்கவில்லை.

ஏலத்தில் எவ்வளவு வரை கேட்கலாம்?

இந்தச் சுரங்கத்தில் விற்பனையில் ஒவ்வொரு 1%-உம் 4 கோடி. வரிக்குப் பிறகு 3 கோடி. 5.65-ஆல் பெருக்கினால் சுமார் 17 கோடி. அதாவது அரசுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சதவீதமும் என்.பி.வி-யில் 17 கோடியைத் தின்னும்.

மொத்தம் இருந்தது 503 கோடி. 17-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 29.7%. ராயல்டி 15% ஏற்கெனவே போயிடுச்சு. ஏலத்தில் கேட்க மிச்சம் 14.7%தான். அதுக்கு மேல் கேட்டால், சுரங்கம் கிடைத்தாலும் பங்குதாரருக்கு நஷ்டம்.

ஒருத்தர் ஆர்வத்தில் 15% கேட்டு ஜெயிச்சுட்டார் என்று வைங்க. ராயல்டியோடு சேர்த்து 30%, அதாவது வருஷத்துக்கு 120 கோடி. லாபம் 170-லிருந்து 50 ஆகும், வரி 12.5, நிகர லாபம் 37.5 கோடி. லாப நஷ்டக் கணக்கில் பத்து வருஷமும் லாபம் பச்சை நிறத்தில் தெரியும். கையில் வருவது வருஷம் 87.5 கோடி. பத்து வருஷத்தில் 875 கோடி. போட்டது 500தான். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் என்.பி.வி மைனஸ் 6 கோடி.

லாபம் காட்டும் கம்பெனியும் மதிப்பை அழிக்கலாம் என்று சொல்வது இதைத்தான். வருஷாந்திர லாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எக்செல்லில் போடும்போது இரண்டு இடம் கவனிங்க

முதலாவது, ராயல்டியை எந்த வரியில் வைக்கணும் என்பது. சிலர் வரி கட்டிய பிறகு வரும் 177.5-லிருந்து 60-ஐ அப்படியே கழிப்பாங்க. அப்போ என்.பி.வி 164 கோடி என்று வரும். சரியான விடை 249. ஒரு வரிசை இடம் மாறியதால் 85 கோடி வித்தியாசம். ராயல்டியும் வருவாய்ப் பங்கும் வரிக்கு முன்னால் கழியணும்.

இரண்டாவது, எக்செல்லின் என்.பி.வி ஃபார்முலா, முதல் எண்ணை ஒரு வருஷம் கழித்து வரும் பணம் என்று எடுத்துக்கும். இன்று போடும் 500 கோடியை அதுக்குள்ளே வைக்கக் கூடாது. வெளியே கழிக்கணும்.

```
=NPV(12%,B2:B11)-500
```

B2 முதல் B11 வரை பத்து வருஷத்துக்கான, வரிக்குப் பிந்தைய பணம். அவ்வளவுதான்.

விலை இறங்கும்போதுதான் விஷயம் தெரியும்

கனிம விலை 25% இறங்குவது அபூர்வம் இல்லை. நம்ம சுரங்கத்தில் விற்பனை 400-லிருந்து 300 கோடி ஆகட்டும். செலவு அதே 180.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முறையையும் சேர்க்கிறேன்: லாபப் பங்கு. கம்பெனி முதலில் தன் செலவையும் போட்ட முதலையும் எடுத்துக்கும். அதன் பிறகு வருவதில்தான் அரசுக்குப் பங்கு. சாதாரண விலையில் 15% ராயல்டி 10 வருஷத்தில் அரசுக்கு 600 கோடி கொடுக்கும். அதே 600 கோடி வர, லாபப் பங்கு சுமார் 35.3% இருக்கணும். அரசுக்குப் போகும் மொத்தத் தொகை ஒன்றே. இப்போ என்.பி.வி-யைப் பாருங்க (கோடி ரூபாயில்):

| முறை | சாதாரண விலை | விலை 25% இறங்கினால் |
|---|---|---|
| அரசுப் பங்கு இல்லை | +503 | +79 |
| 15% ராயல்டி | +249 | −112 |
| 35.3% லாபப் பங்கு | +284 | −1 |

சாதாரண விலையில், அதே 600 கோடி கொடுத்தும் லாபப் பங்கு முறையில் கம்பெனிக்கு 35 கோடி அதிகம். காரணம் நேரம் மட்டும்தான். ராயல்டி முதல் வருஷத்திலிருந்தே போகும். லாபப் பங்கு மூன்றாவது வருஷம்தான் தொடங்கும். தள்ளிப் போகும் பணத்தின் இன்றைய பாரம் குறைவு.

விலை இறங்கியபோது வித்தியாசம் இன்னும் பெருசு. ராயல்டி முறையில் திட்டம் 112 கோடி பள்ளத்தில். லாபப் பங்கு முறையில் கிட்டத்தட்ட சமம். லாபம் குறையும்போது லாபப் பங்கும் குறைஞ்சு வழிவிடுது. ராயல்டி அப்படி விடாது.

இதில் 30% கொடுக்க ஒப்புக்கொண்ட அந்த ஏலக்காரரை நினைத்துப் பாருங்க. விற்பனை 300, அரசுக்கு 90, செலவு 180, தேய்மானம் 50. லாபம் இல்லை, 20 கோடி நஷ்டம். வரியே இல்லை. அதனால் ராயல்டி மூலம் கிடைத்துவந்த வரிச் சேமிப்பும் இல்லை. என்.பி.வி சுமார் மைனஸ் 330 கோடி. 100 ரூபாய் ராயல்டி வரிக்குப் பிறகு 75 ரூபாய்தான் என்ற கணக்கு, லாபம் இருக்கும் வரைக்கும்தான் உண்மை.

அப்போ அரசு ஏன் லாபப் பங்கு வாங்கக் கூடாது?

வாங்கிப் பார்த்தது. எண்ணெய், எரிவாயுவில் 1999-ல் வந்த நெல்ப் கொள்கையில் இந்த முறைதான். செலவை எடுத்துக்கோ, பிறகு லாபத்தைப் பிரிப்போம். போட்ட முதலைப் போல எத்தனை மடங்கு திரும்பி வந்ததோ, அதற்கேற்ப அரசின் பங்கு ஏறும்.

பிரச்சினை எங்கே வந்தது? செலவை அதிகம் காட்டினால் அந்த மடங்கு மெதுவாகத்தான் ஏறும். அரசின் பங்கும் மெதுவாகத்தான் ஏறும். கிருஷ்ணா கோதாவரிப் படுகை பற்றிய 2011 அறிக்கையில் சி.ஏ.ஜி இந்த ஓட்டையைச் சுட்டிக் காட்டியது. எந்தச் செலவை ஏற்பது, எதை ஏற்கக் கூடாது என்று அரசும் கம்பெனியும் வருஷக்கணக்கில் வழக்காடினார்கள்.

அதனால் 2016-ல் வந்த ஹெல்ப் கொள்கையில் வருவாய்ப் பங்குக்கு மாறினார்கள். செலவுக் கணக்கைத் தோண்ட வேண்டாம், விற்பனை எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதும். அரசுக்கு நிர்வாகம் எளிது. ஆனால் செலவு எகிறும் ஆபத்து முழுக்க கம்பெனி தலையில்.

இந்த பாரம் எவ்வளவு என்பது அரசுக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில், அதிகம் ஆராயப்படாத படுகைகளுக்கு வருவாய்ப் பங்கையே எடுத்துவிட்டார்கள். ராயல்டி மட்டும் போதும், மிகப் பெரிய எதிர்பாராத லாபம் வந்தால் மட்டும் பங்கு. எண்ணெய் கிடைக்குமா என்றே தெரியாத இடத்தில், முதல் பீப்பாயிலிருந்தே பங்கு கேட்டால் யாரும் தோண்ட வரமாட்டாங்க என்பதுதான் காரணம்.

இப்போ அந்த 110%-க்கு வருவோம்

நம்ம கற்பனைச் சுரங்கத்தில் 14.7%-க்கு மேல் கேட்டாலே நஷ்டம். ஒடிசாவில் எப்படி 110%?

இரண்டு விஷயம். முதலில், இந்தச் சதவீதம் கம்பெனி விற்கும் விலையில் கணக்கிடப்படுவதில்லை. இந்தியச் சுரங்கப் பணியகம் மாதா மாதம், மாநில வாரியாக, தர வாரியாக ஒரு சராசரி விலையை வெளியிடும். அது சுரங்க வாசல் விலை. ராயல்டியும் ஏலப் பிரீமியமும் அந்த விலையில்தான். சந்தையில் அதே தாது அதைவிட அதிக விலைக்குப் போனால், 100%-க்கு மேல் கொடுத்தும் மிச்சம் வரலாம்.

இரண்டாவது, ஸ்டீல் ஆலை தாதுவை விற்பதில்லை, தானே பயன்படுத்துது. அவங்களுக்கு வருமானம் என்பது வெளியே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு. அதை மிச்சம் பண்ணினால் போதும்.

ஒரு டன்னுக்குக் கணக்கு பார்ப்போம். சதவீதங்கள் நிஜம், ரூபாய் விலைகள் உதாரணத்துக்கு. பணியக விலை 2,000. பிரீமியம் 110% என்றால் 2,200. ராயல்டி 15%, 300. அந்த ராயல்டியின் மேல் மாவட்டக் கனிம நிதிக்கு 10%, அதாவது 30. கனிம ஆய்வு அறக்கட்டளைக்கு அப்போதைய விகிதம் 2%, 6 ரூபாய். மொத்தம் 2,536. வெட்டும் செலவு 400 என்றால், ஆலைக்கு அடக்கம் 2,936. வெளியே வாங்கினால் 3,200 என்றால், டன்னுக்கு 264 ரூபாய் மிச்சம். கட்டுப்படியாகும்!

இப்போ விலை டன்னுக்கு 1,000 ரூபாய் ஏறுது. பணியக விலை 3,000, சந்தை விலை 4,200. அரசுக்குக் கொடுக்க வேண்டியது 3,000-ல் 126.8%, அதாவது 3,804. வெட்டும் செலவு 400 சேர்த்தால் 4,204. வெளியே வாங்கினால் 4,200. டன்னுக்கு 4 ரூபாய் நஷ்டம்!

கவனிச்சீங்களா? விலை ஏறினால் சுரங்கக்காரருக்குக் கொண்டாட்டம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் அரசின் மொத்தப் பங்கு 100%-ஐத் தாண்டினால் அது தலைகீழ். விலை 100 ரூபாய் ஏறும்போது கொடுக்க வேண்டியது 126.8 ரூபாய் ஏறுது. இப்படிப்பட்ட சுரங்கத்தை வைத்திருப்பவர், தாது விலை ஏறக் கூடாது என்று வேண்டிக்க வேண்டியதுதான்.

ஜஜாங் என்ன ஆச்சு? 2024-ல் அந்தச் சுரங்கத்தை அரசிடம் திருப்பி ஒப்படைக்க முடிவெடுத்ததாக ஜே.எஸ்.டபிள்யூ ஸ்டீல் அறிவித்தது. நடத்துவது பொருளாதார ரீதியாகக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அவங்க சொன்ன காரணம்.

ராயல்டி வரி இல்லை: 2024 தீர்ப்பு

இன்னொரு சுமையும் கணக்கில் வரணும். தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், ராயல்டி என்பது வரி என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 ஜூலை 25-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. ராயல்டி வரி இல்லை, குத்தகைக்கான ஒப்பந்தத் தொகை. ஆகவே மாநிலங்கள் கனிம உரிமை மேல் தனியாக வரி போடலாம்.

அதன் பிறகு தமிழ்நாடு கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். இது சதவீதம் கூட இல்லை, நிலையான தொகை. விலை பாதியானால் ராயல்டியாவது பாதியாகும், இது அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் சுரங்கம் வைத்திருக்கும் சிமெண்ட் பங்கு உங்களிடம் இருந்தால், இது அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு டன்னிலும் உட்காரும் செலவு.

நீங்க எதைப் பார்க்கணும்?

அடுத்த முறை "சுரங்க ஏலத்தில் வெற்றி" என்று செய்தி வந்தால், முதலில் ராயல்டியையும் ஏலப் பிரீமியத்தையும் கூட்டுங்க. கூட்டுத்தொகை 100-ஐ நெருங்கினால், அந்தத் தாதுவை விற்கப் போறாங்களா, சொந்த ஆலைக்கா என்று பாருங்க. விற்பதற்கு என்றால் கணக்கு இடிக்கும்.

பிறகு கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கைத் திறங்க. ஜே.எஸ்.டபிள்யூ ஸ்டீல் மாதிரி கம்பெனிகள் "மைனிங் பிரீமியம் அண்ட் ராயல்டீஸ்" என்று தனி வரியே காட்டுறாங்க. அந்தத் தொகை விற்பனையை விட வேகமாக ஏறினால் கவனம். நான்கு காலாண்டு எண்ணை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போக்கு தெரிஞ்சிடும். விலை ஏறிய காலாண்டில் லாபம் ஏறாமல் நின்றால், காரணம் பெரும்பாலும் இந்த வரியில்தான் இருக்கும்.

மேலே உள்ள சுரங்கத்தை எக்செல்லில் நீங்களே போட்டுப் பாருங்க. விற்பனையை 350 ஆக்கினால், 15% ராயல்டிக்குப் பிறகு என்.பி.வி என்ன வருது என்று கமெண்டில் சொல்லுங்க.

(இது கணக்கைப் புரிஞ்சுக்க எழுதியது. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் ஆலோசனை இல்லை.)